பொழுது சாய்ந்தால் தடுமாறும் பிள்ளை



சத்துக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் மாலைக்கண்ணைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் நண்பர் ஒருவர், "அதெல்லாம் எங்க காலத்தோட போச்சே டாக்டர்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 1970களில் மதுரையில் கண் மருத்துவம் பயின்றவர்கள் கருவிழி உருகிப்போன குழந்தைகளை வாரந்தோறும் பார்த்தார்கள். இன்று பயிற்சி முடித்து வெளியே வரும் ஒரு மருத்துவர் அப்படியொரு குழந்தையை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருக்கலாம். அது நம் நாட்டுக்குக் கிடைத்த வெற்றிதான்.

மறுபாதி இது. 2016 முதல் 2018 வரை இந்தியா முழுவதும் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து ஒரு தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நடந்தது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குப் 18 பேருக்கும், ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 22 பேருக்கும் வைட்டமின் ஏ குறைவாக இருந்தது. இவர்கள் எல்லோருக்கும் மாலைக்கண் என்று பொருளில்லை. பகலிலும் இரவிலும் ஓடி ஆடுகிறவர்கள்தான். ஆனால் விளிம்பில் நிற்கிறார்கள். ஒரு தட்டம்மை, இரண்டு வாரம் நீடிக்கும் ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் போதும், விளிம்பைத் தாண்டிவிடுவார்கள். அப்படித் தாண்டும்போது வெளியே தெரியும் முதல் அடையாளம் மாலைக்கண்.

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. காலை பத்து மணிக்கு வெளிநோயாளர் பிரிவில், நல்ல வெளிச்சத்தில், என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் மாலைக்கண்ணை நான் காண முடியாது. கண் பளிச்சென்று இருக்கலாம். சுவரில் உள்ள எழுத்தைச் சரியாகப் படிக்கலாம். இந்த நோய்க்குச் சாட்சி அந்தி நேரத்தில் பிள்ளையோடு இருப்பவர்தான்: தாய், பாட்டி, அக்கா, சில வேளை அங்கன்வாடி ஆயா. அந்தச் சாட்சியத்தை நம்பலாமா என்று ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே சந்தேகம் இருந்தது. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமர் 1970களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவில் வேலை பார்த்தபோது இதைச் சோதித்துப் பார்த்தார். "என் பிள்ளைக்கு மாலையில் கண் தெரியவில்லை" என்று தாய் சொன்ன குழந்தைகளின் இரத்தத்தில் வைட்டமின் ஏ உண்மையிலேயே குறைவாக இருந்தது. அதன் பிறகு, தாயைக் கேட்பதே ஒரு பரிசோதனை முறை என்று உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "பிள்ளைக்குக் கண் நல்லாத் தெரியுதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். முதலில், பகலில் பார்ப்பதில் ஏதும் சிரமம் உண்டா என்று கேட்க வேண்டும். அடுத்து, பொழுது சாய்ந்த பிறகு சிரமம் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால், அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லையா, இவனுக்கு மட்டுமா என்று கேட்க வேண்டும். கடைசியாக, மாலைக்கண் என்ற பெயரையே சொல்லி, "அது மாதிரி இருக்கா?" என்று கேட்க வேண்டும். பகலில் சிரமம் இல்லை, அந்தியில் மட்டும் சிரமம், மற்றப் பிள்ளைகளுக்கு அது இல்லை என்று மூன்றும் ஒத்து வந்தால் அந்தத் தாய் சொல்வதை நம்புங்கள். நடக்கத் தொடங்காத கைக்குழந்தையிடம் இதைக் கண்டுபிடிக்க இயலாது. அதனால் இந்தக் கேள்வி இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான்.

இன்று இதற்கு ஒரு புதுத் தடை வந்திருக்கிறது. மின்விளக்கைச் சொல்கிறேன். ஆறு மணிக்கே டியூப் லைட் எரிகிற வீட்டில் அந்திப் பொழுது என்ற ஒன்றே கிடையாது. அந்த வெளிச்சத்தில் மாலைக்கண் உள்ள பிள்ளையும் நன்றாகவே நடமாடும். கரண்ட் போன நேரத்தில், கொல்லைப்புறம் போகும்போது, தெருவிளக்கு இல்லாத சந்தில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே நகரத்துத் தாயிடம் "கரண்ட் போனா என்ன பண்றான்?" என்று கேட்பது நல்லது. வீட்டிலேயே சோதிக்க விரும்பினால் விளக்குப் போடுவதற்கு முன், அந்தி மங்கலில், ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரை உட்கார வைத்துத் தரையில் நாலு பிஸ்கட்டைப் பரப்பிப் பாருங்கள். ஒருவன் பார்த்து எடுப்பான். மாலைக்கண் உள்ளவன் தரையைத் தடவி எடுப்பான்.

ஏன் அந்தி நேரம் மட்டும்? விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணர் செல்கள் இருக்கின்றன. கூம்பு வடிவச் செல்கள் பகல் வெளிச்சத்துக்கும் நிறங்களுக்கும் உரியவை. குச்சி வடிவச் செல்கள் மங்கலுக்கு உரியவை. ஒரு கண்ணில் இவை ஏறத்தாழ 12 கோடி. குச்சிச் செல்லுக்குள் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. ஆப்சின் என்ற புரதமும் வைட்டமின் ஏயிலிருந்து வரும் ரெட்டினால் என்ற பொருளும் சேர்ந்தால்தான் ரொடாப்சின். ஒளி பட்டதும் ரெட்டினாலின் வடிவம் மாறிப் புரதத்தை விட்டுக் கழன்றுவிடும். அந்த மாற்றம்தான் மூளைக்குப் போகும் செய்தியின் தொடக்கம். கழன்றது மறுபடி சேர வேண்டும். அதற்குப் புது வைட்டமின் ஏ இரத்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்க வேண்டும். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1930களில் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. வரத்துக் குறைந்தால் முதலில் தடுமாறுவது குச்சிச் செல்கள். மங்கல் ஒளியில் வேலை செய்ய அவற்றுக்கு நிறமி நிறைய வேண்டும்.

கண்ணில் குறை தெரிவதற்கு வெகு நாள் முன்பே கல்லீரலில் இருப்புத் தீர்ந்துபோயிருக்கும். உண்ணும் வைட்டமின் ஏயில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் குதிரில் நெல் கொட்டி வைப்பதுபோல் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த இருப்பு மாதக்கணக்கில் தாங்கும். அங்கிருந்து கண்ணுக்கு எடுத்துச் செல்ல ஒரு புரதம் தேவை. சோறும் கஞ்சியும் தவிர வேறெதுவும் காணாத பிள்ளைக்கு அந்தப் புரதத்துக்கும் தட்டுப்பாடு. இந்த நிலையில் ஒரு நோய் வந்தால் இருக்கும் கொஞ்சமும் கரைந்துவிடும். ஆகவே ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிடும் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் மாலைக்கண் வந்தால், அண்மையில் அவனுக்கு என்ன நோய் வந்துபோனது என்று விசாரிக்க வேண்டும்.

ஒரு பிள்ளையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டும் எதையும் சொல்லப்போவதில்லை.

அவனுக்கு நாலு வயது. பெற்றோர் செங்கல் சூளையில் வேலை செய்தார்கள். ஆண்டில் பாதிக்கு மேல் சூளையில் குடிசை, மழைக்காலத்தில் சொந்த ஊர். தாய் என்னிடம் சொன்ன புகார் கண்ணைப் பற்றியதே அல்ல. "சாயங்காலமானா அடம் பிடிக்கிறான் டாக்டரம்மா. விளையாட்டுல இருந்து பாதியிலேயே வந்து குடிசைக்குள்ள உக்காந்துக்கிறான். கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்கிறான்." அடி வாங்கியும் இருக்கிறான். கூட வந்த அப்பத்தாதான் குறுக்கிட்டார்: "அடமெல்லாம் இல்ல. பிள்ளைக்குக் கண்ணு தெரியல. தட்டுல சோத்தத் தடவித்தான் எடுக்குறான்."

அந்த ஒரு வாக்கியத்தில் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. மற்றவை விவரங்கள்தான். தம்பி பிறந்ததும் இவனுக்குத் தாய்ப்பால் நின்றது. அதன் பிறகு காலையில் வரக்காப்பியும் பன்னும், மதியமும் இரவும் சோறும் ரசமும். இரண்டு மாதமாக விட்டு விட்டு வயிற்றுப்போக்கு. வயிறு போவதால் கீரையும் முட்டையும் அறவே நிறுத்தப்பட்டிருந்தன. ஒன்பதாம் மாதத்தில் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ சொட்டு கொடுத்ததற்கு அட்டையில் குறிப்பு இருந்தது. அதற்குப் பின் எல்லாக் கட்டங்களும் வெறுமை. ஊரில் சொட்டு கொடுக்கும் நாளில் இவர்கள் சூளையில் இருந்தார்கள். சூளைக்குப் பக்கத்து அங்கன்வாடிப் பதிவேட்டில் இவன் பெயர் இல்லை.

கண்ணைப் பார்த்தேன். கருவிழி தெளிவாக இருந்தது. வெள்ளை விழியில், காதுப் பக்கமாக, கருவிழியை ஒட்டிச் சிறு முக்கோணத் திட்டு; சோப்பு நுரை காய்ந்து ஒட்டியதுபோல் சாம்பல் வெண்மை. இரண்டு கண்ணிலும் இருந்தது. 1863இல் பிரெஞ்சு மருத்துவர் பீட்டோ விவரித்ததால் இதற்கு பீட்டோ புள்ளி என்று பெயர். பஞ்சால் துடைத்தால் நுரை போய்விடும், சில நாளில் மறுபடி சேரும். அடியில் உள்ள சவ்வு ஈரப்பசை இழந்து தோல்போல் தடித்திருக்கும். வைட்டமின் ஏ பார்வைக்கு மட்டும் உரியதல்ல. கண், மூச்சுக்குழல், குடல் இவற்றின் உள்ளுறைச் சவ்வு ஈரமாக இருப்பதற்கும் அதுதான் வேண்டும். அந்தக் குறையுள்ள பிள்ளை சளிக்கும் பேதிக்கும் எளிதில் ஆளாவது இதனால்தான்.

சிகிச்சை எளியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் வைட்டமின் ஏ திரவத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு லட்சம் யூனிட். ஒரு வயதைத் தாண்டியவன் என்பதால் அவனுக்கு 2 மி.லி., அதாவது இரண்டு லட்சம் யூனிட். அதை அன்றே, அங்கேயே, வாயில் ஊற்றினோம். மறுநாள் அதே அளவு. இரண்டு வாரம் கழித்து மூன்றாவது முறை. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு இதில் பாதி, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கால் பங்கு. "ஊசி போடுங்க, சீக்கிரம் சரியாகும்" என்றார் தந்தை. எண்ணெயில் கரைந்த மருந்தை ஊசியாகப் போட்டால் அது தசையிலேயே தங்கிவிடும், வாய்வழி கொடுப்பதுதான் வேகம் என்று விளக்க வேண்டியிருந்தது. கூடவே வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், பின்னர் பூச்சி மருந்தும் கொடுத்தோம்.

இரண்டாம் நாள் அந்தியிலேயே அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டதாக அப்பத்தா சொன்னார். இது அதிசயமல்ல. மாலைக்கண் சாதாரணமாக ஒன்று இரண்டு நாளில் விலகிவிடும். பீட்டோ புள்ளி கரைய இரண்டு மூன்று வாரம் ஆகும். வளர்ந்த பிள்ளைகளிடம் அது மறையாமல் தங்கிவிடுவதும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

நான் அதோடு அந்தக் குடும்பத்தை அனுப்பிவிடவில்லை. ஒரு பிள்ளைக்கு மாலைக்கண் என்றால் அவன் உடன்பிறப்பையும் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளையும் பார்த்தாக வேண்டும். இந்தக் குறை அங்கங்கே ஒருவருக்கு என்று சிதறி வருவதில்லை; வீடு வீடாக, குடியிருப்பு குடியிருப்பாகக் கூடி நிற்கும். கிராம சுகாதார செவிலியர் அந்தச் சூளைக்குப் போனபோது தம்பிக்கும் சொட்டுப் பாக்கி இருந்தது. வேறொரு குடிசையில் ஒரு சிறுமிக்கும் அந்தியில் கண் தெரியவில்லை. அவள் வீட்டில் அதை யாரும் நோயாக நினைக்கவில்லை.

இனி உணவு. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாலைக்கண் வந்துவிட்ட பிள்ளைக்குக் கீரை மருந்தாகாது. "ஒரு மாசம் பொன்னாங்கண்ணி கொடுத்துப் பார்ப்போம்" என்று காத்திருக்கக் கூடாது. முதலில் சொட்டு. கீரை அதற்குப் பின், மறுபடி வராமல் இருக்க.

காரணம் இதுதான். ஈரல், முட்டை மஞ்சள் கரு, பால், நெய், மீன் இவற்றில் வைட்டமின் ஏ ஆயத்தமாகவே இருக்கிறது. கீரையிலும் பழத்திலும் இருப்பது பீட்டா கரோட்டின். அதைக் குடல்தான் வைட்டமின் ஏயாக மாற்ற வேண்டும். உணவிலுள்ள 12 பங்கு கரோட்டினிலிருந்து ஒரு பங்கு வைட்டமின் ஏ என்பது பரவலாக வழங்கும் கணக்கு. 1990களில் இந்தோனேசியாவில் நடந்த ஆய்வுகள், கீரையிலிருந்து கிடைப்பது இதைவிடவும் குறைவு, பழுத்த பழத்திலிருந்து கிடைப்பது பரவாயில்லை என்று காட்டின. பேதியாகும் குடல், பூச்சியுள்ள குடல் என்றால் இன்னும் குறைவு.

அதற்காகக் கீரையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாலு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ தேவை. முருங்கைக்கீரை 100 கிராமில் ஏறக்குறைய 7,000 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் உண்டு. பிந்திய அளவீடுகள் இன்னும் கூடுதலாகவே சொல்கின்றன. குறைந்த கணக்கையே வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு 30 கிராம் கீரை என்றால், அதாவது ஆய்ந்த இலை இரண்டு கைப்பிடி, வேகவைத்தால் நாலைந்து கரண்டிக்குள் அடங்கிவிடும், அதிலிருந்து 175 மைக்ரோகிராம் கிடைக்கும். ஒரு முட்டையில் 75 அல்லது 80. ஒரு தம்ளர் கொழுப்பெடுக்காத பசும்பாலில் 90 அளவு. ஒரு துண்டு பப்பாளியில் 50. இவை சேர்ந்தால் அன்றைய தேவை ஒப்பேறிவிடும். ஈரலின் கணக்கே வேறு. ஆட்டு ஈரல் 30 கிராமில் 2,000 மைக்ரோகிராம் வரை இருக்கும். வாரம் ஒருமுறை பிள்ளைக்கு இரண்டு சிறு துண்டு போதும், நாலைந்து நாள் தேவை தீர்ந்தது. கோழி ஈரல் அதில் பாதி, விலையும் குறைவு. வாரத்தில் பல நாள் ஈரல் கொடுக்க வேண்டாம். இந்தச் சத்து மிகுந்தாலும் கெடுதல்தான்.

கீரை விஷயத்தில் நம் வீடுகளில் மூன்று இடங்களில் பிசகுகிறது. முதலாவது, எண்ணெய். கரோட்டின் கொழுப்பில் கரைந்துதான் உடம்பில் சேரும். வெறும் தண்ணீரில் அவித்து உப்புப் போட்ட கீரையால் பெரிய பயன் இல்லை. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ நெய்யோ அந்தச் சாப்பாட்டில் இருக்க வேண்டும். தேங்காய்த் துருவலும் உதவும். இரண்டாவது, வெயிலில் உலர்த்தி முருங்கைப் பொடி செய்வது. வெயில் கரோட்டினை அழித்துவிடும். பொடி வேண்டுமென்றால் நிழலில் உலர்த்தி, வெளிச்சம் படாத டப்பாவில் வைக்க வேண்டும். மூன்றாவது, கீரை சிறு பிள்ளைக்கு மாந்தம் உண்டாக்கும், பேதி கண்டால் கீரை ஆகாது என்ற நம்பிக்கை. இளம் இலையைப் பருப்போடு குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, சோற்றோடு பிசைந்து கொடுத்தால் ஏழெட்டு மாதக் குழந்தைக்கே ஒத்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் மலம் பச்சையாகப் போகலாம். அது கீரையின் நிறம், பேதியல்ல.

சூளையைச் சுற்றி முருங்கை நின்றது. பெரியவர்கள் காயைப் பறித்தார்கள். கீரையைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. அப்பத்தாவே பிறகு கீரை ஆயும் வேலையை எடுத்துக்கொண்டார்.

உள்ளூர் உணவைக் கொண்டே இந்தக் குறையைச் சரிசெய்வது மதுரைக்குப் பழைய அனுபவம். 1970களில் அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, ஒரு சத்துணவு மறுவாழ்வு மையத்தை நடத்தினார். கண் வறண்ட குழந்தைகளைத் தாயோடு அங்கே தங்க வைத்து, ஊரில் விளையும் மலிவான கீரை, பருப்பு, தானியங்களைக் கொண்டு தாய்மாரே சமைத்துப் பழகும்படி செய்தார்கள். ஆக்ஸ்போர்டின் உயிர்வேதியியல் அறிஞர் ஆன்டனெட் பிரி ஓய்வுக்குப் பின் இதில் வந்து சேர்ந்துகொண்டு, கீரைத் தோட்டம் போடுவதை ஊர் ஊராகப் பரப்பினார். கண்ணின் உயிர்வேதியியலில் ஆயுளைச் செலவிட்டவர் கடைசியில் கீரைப் பாத்திக்கு வந்து சேர்ந்தது எனக்கு மிகப் பிடித்த செய்தி.

அதே மதுரையிலிருந்து இன்னொரு பெரிய வேலையும் நடந்தது. டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவின் குழு திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,000க்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு ஓராண்டு முழுக்க வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தது. உணவில் கிடைத்திருக்க வேண்டிய அளவுதான் அது. 1990இல் வெளியான முடிவு: அந்தக் குழந்தைகளிடையே மரணம் பாதிக்கு மேல் குறைந்தது. எல்லா ஆய்வும் இவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு கொடுத்த ஆய்வில், 2013இல் வந்த முடிவின்படி, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு இன்னும் தேவையா என்று நம் வல்லுநர்களே இரண்டு அணியாக வாதிடுகிறார்கள். சத்துள்ள சாப்பாடு கிடைக்கும் வீட்டில் அதன் தேவை குறைந்துவருகிறது என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் நான் சொன்ன சூளைப் பிள்ளை போன்றவனுக்கு அது இல்லாமல் முடியாது. அவனுக்குத்தான் அது போய்ச் சேர்வதும் இல்லை. இப்போதுள்ள அட்டவணைப்படி ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், ஒன்றரை வயதை ஒட்டி இரண்டு லட்சம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சமாக ஐந்து வயது வரை, மொத்தம் ஒன்பது முறை. பெரிய அளவு கொடுத்த நாளில் சில பிள்ளைகளுக்குத் தலைவலி, வாந்தி வரும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஒரு மாதத்துக்குள் கொடுத்திருந்தால் வழக்கமான சொட்டை மறுபடி கொடுக்கக் கூடாது. ஆகவே அட்டையில் தேதி எழுதி வாங்குவது முக்கியம்.

எப்போது மருத்துவரிடம் போவது? அந்தியில் தடுமாற்றம் தெரிந்தால் அந்த வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். கண்ணில் நுரைத் திட்டு தெரிந்தாலும் அப்படியே.

ஆனால் பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டால், கருவிழி பளபளப்பு இழந்து மூச்சுப்பட்ட கண்ணாடிபோல் மங்கினால், அதில் வெண்மையோ பள்ளமோ தெரிந்தால், அது அவசரம். இரவானாலும் அப்போதே கிளம்ப வேண்டும். கருவிழி வறண்ட நிலையிலிருந்து உருகும் நிலைக்குப் போக ஒரு நாள்கூடப் போதும். உருகியதைத் திரும்பக் கொண்டுவர எந்த மருந்தும் இல்லை. இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. மற்றக் கண் நோய்களைப்போல் சிவப்பும் பீளையும் வலியும் பெரிதாக இருக்காது. பிள்ளை சோர்ந்து கண்ணை மூடிப் படுத்திருப்பான், தூங்குகிறான் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தட்டம்மை கண்ட பிள்ளை, நாள்பட்ட பேதியால் துவண்ட பிள்ளை, எலும்பும் தோலுமாய் மெலிந்த பிள்ளை, இவர்கள் கண் திறக்கவில்லை என்றால் பொறுக்கவே கூடாது. தட்டம்மை என்று தெரிந்தாலே, கண்ணில் ஒன்றும் இல்லாவிட்டாலும், இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பது விதி. அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டுவதில் எனக்கு வழக்கில்லை. கட்டிவிட்டு மருந்துக்கும் வாருங்கள். வரும் வழியில் கண்ணை அழுத்தித் துடைக்க வேண்டாம். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, இலைச் சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். இளகியிருக்கும் கருவிழியில் அவற்றோடு கிருமியும் சேர்ந்து போகும்.

இன்னொரு வகை உண்டு. சொட்டு கொடுத்து ஒரு வாரமாகியும் மாலைத் தடுமாற்றம் குறையவில்லை என்றால், அது சத்துக் குறைவு அல்லாமல் இருக்கலாம். சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் விழித்திரை நிறமி நோய் போன்ற பரம்பரைக் கோளாறுகள் அபூர்வமல்ல. அண்ணனுக்கோ மாமனுக்கோ அப்படி இருந்ததா என்று கேளுங்கள். கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ள பிள்ளையும் மங்கலில் தடுமாறும். இவர்களுக்குக் கண் பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கும் கண் மருத்துவர் வேண்டும்; வைட்டமினை மேலும் மேலும் ஊற்றுவதால் பயனில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளிலும் மாலைக்கண் வருவதுண்டு. பிறவியிலேயே பித்தநாளக் கோளாறு உள்ளவர்கள், எண்ணெய்ப் பசையோடு மலம் போகும் குடல் நோய் உள்ளவர்கள், ஆட்டிசம் காரணமாக வெள்ளைச் சோறும் சிப்ஸும் தவிர வேறெதையும் தொடாதவர்கள். இவர்களிடம் மாலைக்கண்ணை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் கேட்பதும் இல்லை.

கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் மாலைக்கண் வரலாம். அவருக்குப் பிள்ளைகளுக்கான இரண்டு லட்சம் யூனிட்டைக் கொடுக்கவே கூடாது. கருவுக்கு ஊனம் நேரக்கூடும். நாளொன்றுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டாத சிறு அளவைத்தான் மருத்துவர் எழுதித் தருவார்.

செவிலியர் பயிற்சியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் இருக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குப் போனபின், தடுப்பூசி அட்டையில் வைட்டமின் ஏ கட்டங்கள் காலியாக இருக்கும் பிள்ளையைக் கண்டால், அந்தத் தாயிடம் அந்திப் பொழுதைப் பற்றிய அந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் பகுதியில் செங்கல் சூளையோ, கட்டட வேலைக்கு வந்தோர் குடியிருப்போ, உப்பளமோ இருந்தால், பதிவேட்டில் பெயர் இல்லை என்று அங்குள்ள பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். வைட்டமின் ஏ எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.